ஸ்திரிக்கைப்பெட்டி சுட்ட அடையாளம்: எது போகும், எது போகாது

முள்ளியவளையில் நான் நடத்தும் சிறிய தையற்கடைக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் தைப்பதற்கென்று வருபவர்களைவிட, சுட்ட துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களே சில வாரங்களில் அதிகமாக இருப்பார்கள். மறுநாள் பாடசாலைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சீருடையில் ஸ்திரிக்கைப்பெட்டியின் முனை அப்படியே பதிந்திருக்கும். பெரும்பாலும் அதற்குள் யாராவது சவுக்காரம் போட்டுத் தேய்த்து, தேசிக்காய்ப்புளி விட்டு, காய்வதற்காக அதே இடத்தில் மறுபடியும் ஸ்திரிக்கைப்பெட்டியை வைத்துவிட்டுத்தான் வருவார்கள். மீட்டிருக்கக்கூடிய அடையாளம் மீட்க முடியாததாக மாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சூட்டில்தான்.

பருத்தியும் பொலியெஸ்டரும் சூட்டில் கெடும் விதம் ஒன்றல்ல. பருத்தி உருகாது. சூடு கூடும்போது அதன் நார் நீரை இழந்து, மஞ்சளாகி, பழுப்பாகி, பின்னர் கரியாகும். ஆகவே பருத்தியில் முதலில் தோன்றுவது நிறக்கேடு, நார் பலமிழப்பது அதன் பின்னால் வருவது. பொலியெஸ்டர் ஒரு பிளாஸ்ரிக் இழை. அது ஏறத்தாழ 250 பாகை செல்சியசில் உருகும், அதற்குக் கீழேயே இளகி நசுங்கும். அங்கே கெடுவது இழையின் உருவம். நிறத்தை வெளுக்கலாம், ஆனால் உருகித் தட்டையான இழையை மீண்டும் உருண்டையாக்க வீட்டிலும் முடியாது, கடையிலும் முடியாது. எங்கள் பிள்ளைகளின் சீருடைகளில் பல இரண்டு இழைகளும் கலந்தவை என்பதால், ஒரே அடையாளத்துக்குள் இரண்டு காயங்களும் இருக்கக்கூடும். பாதி போய்ப் பாதி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

எதையும் ஊற்றுவதற்கு முன்: துணி எது?

கடையில் வாங்கிய சட்டையில் கழுத்துக்குள் ஒரு சிறு பட்டி இருக்கும், அதில் ஸ்திரிக்கைப்பெட்டியின் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் அடித்தட்டின் சூடு 110 பாகைக்கு மேல் போகக்கூடாது, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. ஆனால் பாடசாலையில் இலவசமாகக் கிடைக்கும் சீருடைத் துணி வெட்டிய துண்டாகத்தான் கைக்கு வருகிறது, தைத்து முடிந்த பின் அதில் எந்தப் பட்டியும் இருக்காது. அப்போது நூலைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

சட்டையின் உட்பக்கத் தையல் ஓரத்தில் துணியிலிருந்து ஒரு விரற்கடை நீள நூலை உருவுங்கள். அது தைத்த நூலாக இருக்கக்கூடாது. இன்று தையல் நூல் பெரும்பாலும் பொலியெஸ்டர் என்பதால், அதைச் சோதித்தால் முழுப் பருத்திச் சட்டையும் பொலியெஸ்டர் என்றே சொல்லும். நெடுக்கு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று என இரண்டை எடுத்து, சிறு இடுக்கியால் பிடித்து, தண்ணீர் உள்ள பீங்கானுக்கு மேலே நெருப்பைக் காட்டுங்கள். பருத்தி சட்டென்று பற்றி, கடதாசி எரிந்த மணம் வீசி, ஊதினால் பறக்கும் சாம்பலை விடும். பொலியெஸ்டர் நெருப்பைக் கண்டு சுருங்கி, உருகி, ஆறிய பின் நகத்தால் உடைக்க முடியாத கறுத்த மணியாக நிற்கும். சாம்பலுக்குள் சிறு மணிகள் அகப்பட்டால் அது கலப்புத் துணி.

அடுத்து அடையாளத்தையே பாருங்கள். துணி உலர்ந்திருக்கும்போது யன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நிறம் மட்டும் மாறியிருக்கிறதா, மினுக்கமும் சேர்ந்திருக்கிறதா, மறுபக்கத்துக்கு ஊடுருவியிருக்கிறதா, நகத்தால் மெல்ல வருடும்போது சொரசொரக்கிறதா, வழுக்குகிறதா என்பவற்றை அறிந்துகொண்டால், அதற்குப் பின் செய்ய வேண்டியது தானாகவே தெளியும்.

அறிகுறி: வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் அல்லது வெளிர்ப் பழுப்பு, மினுக்கம் இல்லை, மறுபக்கம் சுத்தம்

இதுவே மீளக்கூடிய அடையாளங்களில் முதன்மையானது. ஆனாலும் மருந்து போடுவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுட்டது துணியா, துணியின் மேலிருந்த பொருளா? கஞ்சி போட்ட வேட்டியில் பருத்தி நிறம் மாறுவதற்கு முன்பே கஞ்சி பழுத்துவிடும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் கடினமாக உள்ள வீடுகளில் கட்டிச் சவுக்காரம் நுரைப்பதற்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்காகத் திரண்டு துணிக்குள் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசுக்கு சூடுபட்டவுடன் மஞ்சளாகத் தெரியும். ஸ்திரிக்கைப்பெட்டியை நகர்த்திக்கொண்டே இருந்தும் தோளிலும் கையிலும் அங்குமிங்குமாக மஞ்சள் படர்கிறது என்றால், அது பெட்டியின் குற்றமல்ல, அலசலின் குற்றம்.

ஆகவே முதலில் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தூள் சவர்க்காரத்தால் மெதுவாகக் கசக்கி அலசுங்கள். கஞ்சி பழுத்த நிறம் இதிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். சவுக்காரப் பிசுக்கு என்று தோன்றினால், அரை வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஒருமுறை அலசி, பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் தூள் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, வினாகிரி மணம் அறவே போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

அதன் பின்னும் நிற்கும் மஞ்சள் உண்மையான சூட்டு அடையாளம். அதற்கு மருந்து ஹைட்ரஜன் பெரொக்சைட். மருந்துக்கடையில் வாங்கும்போது போத்தலில் எத்தனை வீதம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். நமக்கு வேண்டியது 3 வீதம். 6 வீதம் கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். வெயில் படும் அலுமாரியில் நெடுநாள் கிடந்த போத்தல் வெறும் தண்ணீராகியிருக்கும் என்பதால், பச்சை உருளைக்கிழங்கை வெட்டிய முகத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். உடனே நுரைத்தால் மருந்து உயிரோடு இருக்கிறது.

நான்கு மேசைக்கரண்டி மருந்துக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா கலந்தால் வேலை விரைவாகும். துணியின் கீழே மடித்த வெள்ளைத் துவாய் ஒன்றை வைத்து, அடையாளத்தின் மேல் மருந்தில் நனைத்த வெள்ளைத் துணித்துண்டைப் பரப்பி வெயிலில் விடுங்கள். இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள், அதுவரை காய விடக்கூடாது, காயத் தொடங்கினால் மேலும் சில துளி விடுங்கள். பிறகு அலசி, ஈரத்திலேயே நிறத்தை மதிப்பிட்டு, தேவையெனில் புதிய மருந்தோடு மறுபடியும் செய்யலாம். மூன்று தடவைக்குப் பின் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்துங்கள். பெரொக்சைட் மஞ்சள் நிறத்தைத் தரும் பொருளைச் சிதைக்கிறதே தவிர, சூட்டில் இழந்த பலத்தை நாருக்குத் திருப்பித் தருவதில்லை, அளவுக்கு மீறினால் மிஞ்சிய பலத்தையும் அது தின்றுவிடும்.

நிறத் துணியென்றால் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது அவசியம். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்க விடாதீர்கள், உலோகப் பொத்தானிலும் சிப்பிலும் படவிடாதீர்கள். பெரொக்சைட்டை வினாகிரியுடனோ, குளோரின் பிளீச்சுடனோ ஒருபோதும் கலக்கக்கூடாது.

குளோரின் பிளீச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அது இருக்கிறது, எல்லோருடைய கையும் முதலில் அதன் பக்கமே போகிறது. அது மஞ்சளை எடுக்காது என்றில்லை. ஆனால் முழுதாக அலசப்படாமல் துணிக்குள் மிஞ்சும் குளோரின் அடுத்த சூட்டில் புதிய மஞ்சளை உண்டாக்கும், நாரையும் அரிக்கும். தேசிக்காய்ப்புளியின் கதையும் அதுவே. வெயிலோடு சேர்ந்து இலேசான மஞ்சளை அது சற்று வெளுக்கும். ஆனால் புளி காய்ந்த இடத்தில் ஸ்திரிக்கைப்பெட்டியை வைத்தால் அமிலமும் சூடும் சேர்ந்து பருத்தியை முன்னையதைவிடக் கடுமையாகப் பழுக்க வைக்கும். கடைக்கு வந்த துணிகளில் மிக மோசமானவை பல இப்படிப் புளி விட்டுச் சுட்டவைதான்.

அறிகுறி: பருத்தியில் கடும் பழுப்பு, மறுபக்கத்திலும் தெரிகிறது

இரு பெருவிரல்களாலும் அடையாளத்தின் இரு புறமும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் விலகினாலோ, தேய்க்கும்போது விரலில் பழுப்புத் தூள் ஒட்டினாலோ அங்கே இருப்பது பெயருக்குத்தான் துணி. பெரொக்சைட் போட்டால் நிறம் வெளுத்து, அடுத்த துவையலில் அந்த இடம் ஓட்டையாகும். வேட்டியென்றால் அந்தப் பகுதியை மடிப்புக்குள் போகும்படி உடுக்கலாம், சட்டையென்றால் பையொன்றை மேலே தைத்து மறைக்கலாம். இழுப்பைத் தாங்கினால் மட்டும் மேலே சொன்னபடி ஒரு தடவை முயன்று பார்க்கலாம். நிறம் குறையும், முற்றாகப் போவது அரிது.

அறிகுறி: கலப்புத் துணியில் மஞ்சளும் மினுக்கமும் சேர்ந்து

அண்மையில் வந்த ஒரு சீருடையை வைத்தே இதைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வெள்ளைச் சட்டை. முன்பக்கத்தில், கழுத்துப்பட்டி தொங்கும் இடத்துக்குச் சற்று அருகே, ஏழு சென்ரிமீற்றர் நீளத்தில் ஸ்திரிக்கைப்பெட்டியின் முனை பதிந்திருந்தது. தாய் கேட்டது ஒரே கேள்விதான்: “அக்கா, இது போகுமோ, இல்லாட்டிப் புதுசு தைக்கோணுமோ?” “பொறும் தங்கச்சி, முதல்ல வெளிச்சத்தில பாப்பம்,” என்று வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன்.

ஓரம் முழுவதும் வைக்கோல் நிற மஞ்சள், அதில் மினுக்கம் எதுவும் இல்லை. முனைப் பகுதியில் மட்டும் ஒரு பெருவிரல் நக அளவுக்கு எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு இருந்தது. நகம் மற்ற இடங்களில் நெசவில் தட்டுப்பட்டு நகர்ந்தது, அந்த நக அளவு இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. உள்மடிப்பு நூலை எரித்தபோது சாம்பலுக்குள் மணிகள் இருந்தன. ஆகவே தாயிடம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: மஞ்சள் போகும், அந்தச் சிறு மினுக்கம் போகாது.

குளிர்ந்த தண்ணீரில் ஊறி அலசிய பின் மஞ்சள் சற்றே மங்கியது. மருந்துக்கடையில் 6 வீதம்தான் இருந்தது. இரண்டு மேசைக்கரண்டியை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கலந்து, அப்பச்சோடா சேர்த்து, மறுநாள் காலை பத்து மணி வெயிலில் போட்டேன். முதல் தடவையில் ஓரங்கள் வெளுத்தன, இரண்டாவதில் நடுப்பகுதி தந்த நிறமானது, மூன்றாவதில் வெள்ளையாகியது. ஆனால் காய்ந்த பின் வெளுத்த இடம் மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தது. சட்டை முழுவதும் நீலம் போட்டிருந்ததும், அந்த இடத்தில் நீலம் அலசலில் போய்விட்டிருந்ததும்தான் காரணம். முழுச் சட்டையையும் மறுபடி நீலத்தில் முக்கி எடுத்த பின் வேறுபாடு மறைந்தது. மினுக்கம் அப்படியே நின்றது. ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது, வெயிலில் திரும்பும்போது மட்டும் ஒரு கணம் மின்னும். கழுத்துப்பட்டியை அரை அங்குலம் நகர்த்திக் குத்தினால் அதுவும் மறையும் என்பதால், பிள்ளை அந்தச் சட்டையைத்தான் இன்னும் போடுகிறாள்.

கலப்புத் துணிக்குப் பெட்டியை எப்போதும் இரண்டு புள்ளிச் சூட்டுக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். பருத்தியின் பங்கு எவ்வளவு இருந்தாலும் சூட்டைத் தீர்மானிப்பது பொலியெஸ்டர்தான். உட்பக்கத்தைத் திருப்பி, ஈரத் துணியொன்றை மேலே போட்டு அழுத்துவது பாதுகாப்பானது.

அறிகுறி: கறுப்பு, கடும் நீலப் பொலியெஸ்டரில் மினுக்கம் மட்டும்

அலுவலகத்துக்குப் போடும் காற்சட்டையின் தையல் மேட்டிலும் பையின் ஓரத்திலும் வரும் மினுக்கம் இது. இங்கே இழை உருகாமல் நசுங்கி மட்டும் கிடக்கவும் கூடும், அப்படியானால் ஓரளவு மீட்கலாம். கேத்தல் வாயிலிருந்து வரும் ஆவியில், கை சுடாத தூரத்தில், துணியின் மறுபக்கத்தைச் சில நொடிகள் காட்டி, உடனே முன்பக்கத்தை மென்மையான பல் துலக்கும் பிரஷால் ஒரு திசையில் வருடுங்கள். இரண்டு மூன்று தடவைக்குள் மினுக்கம் மங்கினால் தொடரலாம். நகம் வழுக்குகிற, தொட்டால் கடினமாக இருக்கிற இடமென்றால் ஆவி எதுவும் செய்யாது. கடும் நிறப் பருத்தியில் வரும் மினுக்கத்துக்கு இதே வைத்தியம் இதைவிட நன்றாக வேலை செய்யும், ஏனெனில் ஈரமும் ஆவியும் பட்டால் பருத்தி நார் ஊதி எழும்பக்கூடியது.

நிற மாற்றம் ஒன்றும் இங்கே உண்டு. சூடாக இருக்கும்போது சில நிறத் துணிகள் வேறு நிறமாகத் தோன்றி, ஆறியபின் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே பதற்றத்தில் தண்ணீர் தெளிக்காமல் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஆறியும் திரும்பாத வெளிறல் என்றால், சாயமே ஆவியாகி இழையை விட்டு வெளியேறியிருக்கிறது. அதை மீட்க வழியில்லை.

அறிகுறி: கறுப்புப் பிசுபிசுப்பு, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது

இது சூட்டு அடையாளமே அல்ல, பெட்டியின் அடித்தட்டில் ஒட்டியிருந்தது துணிக்கு வந்திருக்கிறது. வந்தது கருகிய கஞ்சியென்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் தூள் சவர்க்காரமும் போதும். உருகிய பொலியெஸ்டர் என்றால் ஆறவிட்டு, கரண்டியின் மழுங்கிய விளிம்பால் உதிர்த்தெடுங்கள். இதைத் தீர்க்காமல் அடுத்த துணிக்குப் போகக்கூடாது. பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து, மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, தடித்த பழைய பருத்தித் துணியால் இழுத்துத் துடைத்தால் இளகிய பிளாஸ்ரிக் வந்துவிடும். கஞ்சிக் கருகலை முற்றாக ஆறிய தட்டில் அப்பச்சோடாக் குழையலால் தேய்த்து, ஈரத் துணியால் துடைக்கலாம்.

சிரட்டைக்கரிப் பெட்டியை இன்னும் கைவிடாதவர்கள் சிலர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் வன்னி முழுவதும் அந்தப் பெட்டியைத்தான் நம்பியிருந்தது. அதில் சூட்டைக் கட்டுப்படுத்த குமிழ் இல்லாததால் பொலியெஸ்டருக்கு அது ஆகாது. பருத்தியில் அது விடும் காயம் வேறு. குண்டூசித் தலை அளவில், கறுத்த விளிம்போடு தெரியும் புள்ளிகள் பொறி விழுந்த இடங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஓட்டைகள் என்பதால் வெளுக்கப் பார்ப்பது வீண் வேலை, அதே நிற நூலால் இழையோடி விடலாம்.

அறிகுறி: பொலியெஸ்டர் சுருங்கி, விறைத்து, தட்டினால் பிளாஸ்ரிக் சத்தம்

உருகி ஆறிய துணி இது. பெரொக்சைட், ஆவி, வினாகிரி எதுவும் இதில் வேலை செய்யாது. விறைத்த தோலைச் சுரண்டினால் அதோடு நெசவும் பிய்ந்து வரும். சட்டையின் கீழ்ப்பகுதியிலோ கையின் நுனியிலோ இருந்தால் வெட்டிக் குறுக்கலாம். பாவாடையில் மடிப்பின் உட்புறத்துக்குத் திருப்பித் தைக்கலாம், அதற்கு இடுப்பைப் பிரித்து மடிப்புகளை மீண்டும் எண்ணி வைக்க வேண்டும், ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேலை. முதுகின் நடுவே என்றால் நான் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன், பொத்தான்களை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி.